படம் சொல்வதும் எண்கள் சொல்வதும்

உங்கள் வகுப்பில் வாசிப்புப் பழக்கம் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடந்ததாக வைத்துக்கொள்வோம். முடிவை வரைபடமாக்கி, அதன் ஸ்கிரீன்ஷாட்டை உங்களிடம் தருகிறார் ஆசிரியர். நாளைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நீங்கள் அதைப் பற்றிப் பேச வேண்டும். எங்கே தொடங்குவீர்கள்?

படத்தில் மூன்று பட்டைகள் உள்ளன. கதைப் புத்தகப் பட்டை 8 கட்டம் உயரம், செய்தித்தாள் 4 கட்டம், அறிவியல் இதழ் 2 கட்டம். "கதை படிப்பவர்கள் அறிவியல் படிப்பவர்களைப் போல் நான்கு மடங்கு" என்று சொல்லிவிடத் தோன்றுகிறது அல்லவா? சற்றுப் பொறுங்கள். இடப்பக்க அச்சின் அடியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே 0 இல்லை, 16 இருக்கிறது! ஒரு கட்டம் ஒரு மாணவர். ஆகவே உண்மை எண்கள் 24, 20, 18. 24-ஐ 18-ஆல் வகுத்தால் 1.33 தான் வரும். நான்கு மடங்கு எங்கே, ஒன்றேகால் மடங்கைச் சற்றே தாண்டிய இது எங்கே! பட்டையின் அடிப்பகுதியை வெட்டிவிட்டால், சிறிய வேறுபாடும் மலைபோலத் தோன்றும்.

அடுத்து, மூன்றையும் கூட்டுங்கள். 62 வருகிறது. வகுப்பிலோ 40 பேர்தாம். கணக்கு தவறா? இல்லை. ஒருவர் இரண்டு, மூன்று வகைகளையும் குறித்திருக்கலாம். எனவே இந்த எண்களை ஒன்றோடொன்று கூட்டிப் பேசக்கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே 40-உடன்தான் ஒப்பிட வேண்டும்.

இனி, படத்தின் கீழே உள்ள சிறு குறிப்பு: "எதுவும் படிக்காதவர் 6." அச்சு 16-இல் தொடங்குவதால் இந்த 6 பேருக்குப் பட்டையே இல்லை. ஸ்கிரீன்ஷாட்டைச் சற்று மேலே வெட்டியிருந்தால் அவர்கள் அடியோடு மறைந்திருப்பார்கள். நம் கவனத்துக்கு முதலில் வர வேண்டியவர்களோ அவர்கள்தாம்!

கூட்டத்தில் இருப்பவர்கள் படத்தைப் பார்க்கப்போவதில்லை; காதால் கேட்கப்போகிறார்கள். எனவே எண்கள் குறைவாகவும் எளிதாகவும் இருக்கட்டும். இப்படிப் பேசலாம்:

"தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, நண்பர்களே, வணக்கம். எங்கள் வகுப்பின் 40 பேரிடமும், 'கடந்த வாரம் பாடநூல் தவிர வேறு என்ன படித்தீர்கள்?' என்று கேட்டோம். ஒருவர் பல விடைகள் தரலாம். ஐந்தில் மூன்று பேர் கதை படித்தார்கள். சரிபாதிப் பேர் செய்தித்தாள் படித்தார்கள். அறிவியல் இதழ் படித்தவர்கள் 18 பேர். பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆறு பேர் எதுவுமே படிக்கவில்லை. இது ஒரு வகுப்பின் ஒரு வாரக் கணக்கு. பள்ளி முழுமைக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ஆறு பேருக்குப் புத்தகம் கிடைக்கவில்லையா, நேரம் கிடைக்கவில்லையா என்று அடுத்த முறை கேட்கப்போகிறோம். நன்றி."

பேசிப் பாருங்கள், ஒரு நிமிடம்தான் ஆகும். கடைசிக் கேள்வியைக் கவனித்தீர்களா? அது எந்தப் பட்டையிலும் இல்லாத எண்ணிலிருந்து பிறந்தது.