படத்துக்கும் பேச்சு வேண்டும்



மொத்த ஜவுளி வியாபாரத்தில் நான் செய்த ஒரு தவறையே இங்கு பாடமாக வைக்கிறேன். இன்ஸ்டாகிராமில் துண்டு ரகம் ஒன்றின் படத்தைப் போட்டு, கீழே "புதிய வரவு, டஜன் 960 ரூபாய்" என்று மட்டும் எழுதியிருந்தேன். அளவையும் கரை விவரத்தையும் படத்துக்குள்ளேயே அச்சடித்துவிட்டேன். பார்வை இழந்த சில்லறைக் கடைக்காரர் ஒருவர், வழக்கமான வெள்ளைத் துண்டு என்று எண்ணி ஐந்து டஜன் கேட்டார். போய்ச் சேர்ந்ததோ வண்ணக்கரைத் துண்டு. "அண்ணாச்சி, படத்துல என்ன இருக்குன்னு என் போன் சொல்லலியே" என்றார். சரக்கு திரும்பியது; இரு வழி லாரி வாடகையும் என் கணக்கில் ஏறியது.

அவருடைய போனில் டாக்பேக் என்ற வசதி எழுத்தை வாசித்துக் காட்டுகிறது. ஐபோனில் அதற்கு வாய்ஸ்ஓவர் என்று பெயர். படத்தின் மேல் அச்சிட்ட எழுத்து அதற்குப் படத்தின் ஒரு பகுதிதான். அதை முழுமையாக வாசிக்கும் என்று நம்ப முடியாது. நாம் விளக்கம் தராவிட்டால், "துணியின் படமாக இருக்கலாம்" என்பது போன்ற ஊகம்தான் காதில் விழும்.

இதற்காக இன்ஸ்டாகிராமில் 2018 முதல் தனி இடம் இருக்கிறது. படத்தை வெளியிடும் கடைசித் திரையில், கூடுதல் அமைப்புகளுக்குள் Write alt text என்று காணலாம். முன்பே போட்ட படமானால், மூன்று புள்ளியைத் தொட்டு Edit, பிறகு படத்தின் மேல் Edit alt text. பல படங்கள் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத வேண்டும்.

எதை எங்கே எழுதுவது? விலை, அளவு, குறைந்தபட்சக் கொள்முதல் எல்லோருக்கும் தேவை. அவை படத்தின் கீழ்க்குறிப்பில் வரட்டும். கண்ணால் மட்டும் தெரிவது விளக்கத்துக்கு உரியது. என் படத்தை இப்படித் திருத்தினேன்:

கீழ்க்குறிப்பு: "பருத்தித் துண்டு. 30க்கு 60 அங்குலம். டஜன் 960 ரூபாய். குறைந்தது 5 டஜன்."

விளக்கம்: "மடித்து அடுக்கிய நான்கு வெள்ளைத் துண்டுகள். விரல் அகலக் கரை, மேலிருந்து சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். முனைகளில் குஞ்சம்."

"அழகிய", "தரமான" போன்ற சொற்கள் விளக்கத்தில் வேண்டாம். கேட்பவருக்கு அவற்றால் ஒன்றும் தெரியாது. நிறத்தை விட்டுவிடாதீர்கள். பார்வை இல்லாத கடைக்காரரும் வாடிக்கையாளர் கேட்கும் நிறத்தைத்தான் கொள்முதல் செய்கிறார். இரண்டு மூன்று சிறு வாக்கியம் போதும். நீண்டால், விட்ட இடத்துக்காக அவர் முதலிலிருந்து கேட்க நேரும்.

எழுதியபின் ஒரு சோதனை செய்யுங்கள். விளக்கத்தைக் கடைப்பையன் உரக்க வாசிக்கட்டும். படத்தைப் பார்க்காத கணக்கப்பிள்ளை அதைக் கேட்டு அலமாரியிலிருந்து சரியான ரகத்தை எடுத்து வரட்டும். வேறு ரகத்தை எடுத்தால், விடுபட்ட சொல் எது என்று அப்போதே தெரிந்துவிடும்.