'அய்யா உண்டு' என்று சொல்லத் தயங்கும் நாவுக்கு

அன்புக்கொடி மக்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் சொல்வது 'அய்யா உண்டு' என்ற இரண்டு சொற்கள். மற்றவர்கள் வணக்கம் சொல்லும் இடத்தில் நாம் ஓர் உண்மையைச் சொல்லி வாழ்த்துகிறோம். வணக்கத்தை யாரும் யாருக்கும் சொல்லலாம். 'உண்டு' என்று சொல்பவர் ஒன்றுக்குச் சாட்சியாக நிற்கிறார். ஆகவேதான் மனத்தில் ஐயம் உள்ளவருக்கு நம் வாசலிலேயே முதல் தடை வந்துவிடுகிறது.

தென்பாண்டிச் சீமையிலிருந்து பிழைப்புக்காகப் புதுச்சேரி வந்து கடை வைத்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தகப்பனார் காலையில் திருநாமம் இட்டுத்தான் கடை திறப்பார். மகனோ இங்கே பிறந்து, இங்கே படித்தவன். ஊருக்குப் போகும்போது பெற்றோருடன் தாங்கலுக்கு வருகிறான். தலைப்பாகை கட்டுகிறான், பணிவிடைக்கு நிற்கிறான். பெரியவர் ஒருவர் 'அய்யா உண்டு' என்றதும் அவன் நா எழவில்லை. தலையை மட்டும் அசைக்கிறான். தாயார் முகம் வாடுகிறது. 'படித்த திமிர்' என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுக்கிறார். அது திமிர்தானா?

ஐயத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று எப்படியிருக்கும் என்பதை அகிலத்திரட்டு அம்மானையே காட்டுகிறது. கலிநீசன் என்று அகிலம் குறிக்கும் திருவிதாங்கூர் மன்னன் அய்யாவைச் சிறைப்படுத்தினான். இவர் யார் என்று அறிய வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். பூவண்டர் எடுத்துச் சொன்ன புத்தியை அவன் கேட்கவில்லை. நஞ்சு கொடுத்துப் பார்த்தான், நெருப்பில் இட்டுப் பார்த்தான், பசித்த புலியின் முன் நிறுத்தினான். புலி அய்யாவின் முன் பணிந்தது. அதன் பிறகாவது மன்னன் பணிந்தானா? இல்லை. ஒரு சாதிக்குள் அடங்கி இருப்பதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை செய்வதாகச் சொன்னான். அய்யா அதற்கு இசையவில்லை.

மன்னன் செய்தது சோதனை போலத் தெரியும். ஆனால் எந்த விடை வந்தாலும் தன் முடிவை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று அவன் முன்பே தீர்மானித்திருந்தான். அய்யா மெய் என்று ஒப்புக்கொண்டால் அவன் வாங்கும் வரியும், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டோர் மீது செலுத்தும் அதிகாரமும் என்ன ஆவது? பதிலுக்கு அவன் அஞ்சினான். ஆகவே ஐயப்படுகிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு: 'மெய் என்று தெரிந்துவிட்டால் என் நடையை மாற்றிக்கொள்ள நான் ஆயத்தமா?' ஆம் என்று மனம் சொன்னால் அந்த ஐயம் நேர்மையானது. தயக்கம் வந்தால், அவர் காப்பாற்ற நினைப்பது வேறு ஏதோ ஒன்றை.

நேர்மையான ஐயத்துக்குப் புதுச்சேரி மக்கள் நன்கறிந்த ஒருவரையே சான்றாகச் சொல்லலாம். 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் இந்நகருக்கு வந்து, 1950இல் மறையும் வரை இங்கேயே தங்கிய அரவிந்தர் அவர். அவருடைய யோக வழி வேறு, நம் வழி வேறு. ஆயினும் அவர் ஐயத்தோடு இறைவனை அணுகிய விதம் கேட்கத்தக்கது. ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே படித்து, 1893இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவர். அலிப்பூர் வழக்கில் ஓராண்டு சிறையிலிருந்து 1909 மே மாதம் விடுதலையான பின், உத்தரபாராவில் பேசியபோது தம் பழைய நிலையை மறைக்காமல் சொன்னார். இறைவனை முதலில் நாடிய நாளில் தம்முள் நாத்திகனும் ஐயவாதியும் இருந்ததாகவும், கடவுள் இருக்கிறார் என்பதே தமக்கு உறுதியாக இருக்கவில்லை என்றும் அவர் சொன்னார்.

அந்த நிலையிலும் அவர் ஒரு வேண்டுதல் செய்தார். நீ இருப்பது உண்மையானால் என் உள்ளம் உனக்குத் தெரியும் என்று தொடங்கி, முக்தியோ மற்றவர் கேட்கும் பொருள்களோ வேண்டாம், இந்த மக்களுக்காக வாழவும் உழைக்கவும் வலிமை மட்டும் தா என்று கேட்டதாகக் கூறினார். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தெரியாததைத் தெரிந்ததாக அவர் நடிக்கவில்லை. தமக்கென்று எதையும் கேட்கவுமில்லை.

இரண்டாவதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். 'இந்த வேலை கிடைக்கட்டும், அய்யா உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்' என்று நினைப்பது பேரம். வேலை கிடைத்துவிட்டால் தேர்வு நன்றாக எழுதினோம் என்று மனம் சொல்லும். கிடைக்காவிட்டால் அய்யா இல்லை என்று சொல்லும். இரண்டிலும் அய்யாவைப் பற்றி அவர் ஒன்றும் தெரிந்துகொண்டிருக்க மாட்டார். காணிக்கையும் நேர்ச்சையும் வேண்டாம் என்று அய்யா விலக்கியதை இங்கே நினைக்க வேண்டும். கொடுத்து வாங்கும் கணக்கு இல்லாத வாசலில் நின்று கணக்குப் பேசினால் விடை எங்கிருந்து வரும்?

அப்படியானால் அந்த மகன் என்னதான் செய்யலாம்? நாவு ஒப்பாத சொல்லை ஊருக்காகச் சொல்ல வேண்டியதில்லை. கையும் காதும் கண்ணும் ஒப்புவதைச் செய்யலாம். அன்னதர்மத்தின்போது இலை போடுவதற்கும், யார் என்ன சாதி என்று கேளாமல் ஒரே வரிசையில் பரிமாறுவதற்கும் நம்பிக்கை முன்கூட்டியே தேவையில்லை. திருஏடு வாசிப்பைப் பதினேழு நாளும் உட்கார்ந்து கேட்கலாம். புரியாத இடத்தை, ஏற்க முடியாத இடத்தைக் குறித்து வைத்துப் பெரியவர்களிடம் கேட்கலாம். ஒரு நாள் கேட்டுவிட்டு இதில் ஒன்றுமில்லை என்று எழுந்து போவது ஐயம் ஆகாது, அவசரம்.

பிறகு பள்ளியறை முன் நிற்கலாம். அங்கே சிலை இல்லை. விளக்கொளியில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் தெரிவது நிற்பவரின் முகம். தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் துலங்க, தன்னைத்தானே நேராகப் பார்க்கிறார். அந்த முகம் இருக்கிறதா என்று எவரும் ஐயப்பட முடியாது. நேற்று யாரைத் தாழ்வாக நினைத்தோம், கடைத் தராசில் யாரை ஏமாற்றினோம் என்பதும் அந்த முகத்துக்குத் தெரியும். உள்ளே அய்யா இருக்கிறார் என்று நம் வழி சொல்கிறது. அதைத் தேடத் தொடங்கும் இடம் அந்த முகம்தான். தர்மம் செய்யச் செய்ய உள்ளே பொறாமை தணிகிறதா, அச்சம் விலகுகிறதா, தாழக் கிடப்பவர் துயரம் தன் துயரமாகத் தெரிகிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். இதை வேறொருவர் பார்த்துச் சொல்ல முடியாது.

பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தலையை மட்டும் அசைத்த பிள்ளையைத் திட்டினால் அடுத்த முறை அவன் வாயால் சொல்லிவிடுவான். எல்லாரும் மகிழ்வார்கள். ஆனால் அன்று முதல் அவன் தாங்கலில் பொய் பேசப் பழகியிருப்பான். அய்யாவின் முன் பொய்யாகச் சொன்ன 'உண்டு' என்பதை விட, மெய்யாகக் காத்த மௌனம் மேலானது. அவன் கையில் இலைக்கட்டைக் கொடுத்து வரிசையில் அனுப்புங்கள். கேள்வி கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

ஒரு நாள் அவன் நா தானாக எழலாம். எப்போது என்று நாள் குறிக்க நமக்கு உரிமை இல்லை. அதுவரை அவனைக் காணும்போது முதலில் சொல்ல வேண்டியவர் நம்புகிறவரே. அவன் பதில் சொல்லாவிட்டாலும் நாம் சொல்வோம்.

அய்யா உண்டு.