ஜெனரேட்டர் ஓடியும் ஏ.சி. ஏன் வரவில்லை?

கேள்வி: மருத்துவமனையில் கரன்ட் போனது. ஜெனரேட்டர் உடனே ஓடியும், லிஃப்ட்டும் ஏ.சி.யும் சில நிமிடம் கழித்துத்தான் வந்தன. பழுதா?

பதில்: பழுதில்லை. வேண்டுமென்றே அப்படி அமைக்கிறார்கள்.

ஓர் உதாரணம். 500 கே.வி.ஏ. ஜெனரேட்டர் சுமார் 400 கிலோவாட் தரும். தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு, அவசர விளக்குகளுக்கு 120 கிலோவாட் வேண்டும். இவை சுமார் 10 நொடிக்குள் இணைந்துவிடும். அந்த இடைவெளியை வென்டிலேட்டரின் பேட்டரியும் யு.பி.எஸ்.ஸும் தாங்கும். வோல்டேஜ் நிலைத்தபின் லிஃப்ட்டுகள் ஒவ்வொன்றாக, பிறகு தண்ணீர் பம்புகள், கடைசியில் ஏ.சி.க்கான 150 கிலோவாட் குளிர்விப்பு இயந்திரம்.

இப்படி ஒவ்வொன்றாக இணைப்பதற்குக் காரணம் மோட்டார்தான். நேரடியாகக் கிளம்பும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு கரன்ட்டை முதல் சில நொடிகளில் இழுக்கும். எல்லாம் சேர்ந்து கிளம்பினால் வோல்டேஜ் சரியும், கான்டாக்டர்கள் விடுபடும், ஜெனரேட்டரே நின்றுபோகலாம். அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவும் இருளும்.

சுமை மிஞ்சினால் இதே வரிசை தலைகீழாகும். இன்ஜின் திணறும்போது 50 ஹெர்ட்ஸ் அலைவெண் இறங்கும். அதைக் கண்ட ரிலே குளிர்விப்பு இயந்திரத்தை முதலில் கழற்றிவிடும். பல இடங்களில் பிழை நேர்வது இங்கேதான்: புதிய ஸ்கேன் கருவியை, இடம் இருக்கிறதென்று, கடைசிவரை கழற்றப்படாத முதல் கட்டப் பலகையிலேயே இணைத்துவிடுகிறார்கள்.

உங்கள் மருத்துவமனையில் சுமையில்லாமல் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உண்மையான சுமையோடு வரிசையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.