லிங்க்ட்இன் முகப்பு வரியும் சுருக்கக் குறிப்பும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லிங்க்ட்இன் பக்கத்தில் பெயருக்குக் கீழே வருவது முகப்பு வரி. திரையில் அதன் பெயர் Headline. 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. அதற்குச் சற்றுக் கீழே About என்ற தலைப்பில் வருவது சுருக்கக் குறிப்பு. அதன் எல்லை 2,600 எழுத்துகள். வேலைக்கு ஆள் தேடுபவர் ஒரு பக்கத்தைத் திறப்பதா, அடுத்த பெயருக்குப் போவதா என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டையும் பார்த்துத்தான். ஆனால் பலர் இவற்றை ஒருமுறை நிரப்பியதோடு விட்டுவிடுகிறார்கள். பணி மாறியிருக்கும், திறன் வளர்ந்திருக்கும், போக விரும்பும் திசையும் மாறியிருக்கும். பக்கம் மட்டும் பழைய ஆளையே காட்டிக்கொண்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்க்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்து, கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறி, போர்ட் கிள்ளானில் உள்ள ஒரு சரக்கு அனுப்பு நிறுவனத்துக்கு வேலைக்குப் போகும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஷிப்பிங் கிளார்க்காகச் சேர்ந்தவர். இப்போது இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கத் துறையின் கே1 பாரம் தாக்கல் செய்வது, பொருள்களுக்கு உரிய எச்.எஸ். குறியீட்டைத் தீர்மானிப்பது, ஆசியான் சலுகை வரிக்கான ஃபார்ம் டி சான்றிதழைச் சரிபார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அடுத்ததாக ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தில் டிரேட் கம்ப்ளையன்ஸ், அதாவது வர்த்தக விதிமுறை இணக்கப் பிரிவுக்குப் போக விரும்புகிறார்.

நம்பிக்கை 1: முகப்பு வரியில் நியமனக் கடிதத்தில் உள்ள பதவிப் பெயரே இருக்க வேண்டும்.

உண்மை: பதவிப் பெயரும் முகப்பு வரியும் வெவ்வேறு இடங்கள். பணி அனுபவத்தைச் சேர்க்கும்போது லிங்க்ட்இன் பதவியையும் நிறுவனத்தையும் சேர்த்துத் தானாகவே ஒரு முகப்பு வரியை அமைத்துவிடும். அது தொடக்கத்துக்கான ஏற்பாடு மட்டுமே. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மேற்கண்டவரின் பக்கத்தில் இருந்த வரி இது:

```
Senior Executive at (company)
```

இந்த வரியிலிருந்து அவர் கணக்குப் பிரிவில் இருக்கிறாரா, விற்பனையில் இருக்கிறாரா, துறைமுகத்தில் இருக்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நிறுவனத்தில் எக்ஸிகியூட்டிவ் எனப்படும் வேலைக்கு அடுத்த நிறுவனத்தில் வேறு பெயர் இருக்கும். ஆள் தேடுபவர் தேடல் பெட்டியில் இடுவது தமக்கு வேண்டிய வேலையின் பெயரையும் திறனையும்தான். ஆகவே முகப்பு வரி செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். நியமனக் கடிதத்தில் உள்ள பதவிப் பெயருக்கு உரிய இடம் Experience பகுதி. அங்கே அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே விட வேண்டும். முந்தைய முதலாளியிடம் விசாரிக்கும்போது ஒத்துப்பார்க்கப்படுவது அந்தப் பெயர்.

நம்பிக்கை 2: முகப்பு வரியில் எவ்வளவு சொற்களை அடுக்குகிறோமோ அவ்வளவு நல்லது.

உண்மை: 220 எழுத்துகளும் எல்லா இடத்திலும் தெரிவதில்லை. தேடல் பட்டியலிலும் கருத்துகளுக்குப் பக்கத்திலும் கைப்பேசித் திரையிலும் வரியின் தொடக்கம் மட்டும் தெரியும், மீதி வெட்டுப்படும். உழைப்பாளி, குழுவாக இயங்குபவர், சாதிக்கத் துடிப்பவர் என்று தொடங்கும் வரி, தேடுபவருக்கு வேண்டிய சொல் வருவதற்குள் முடிந்துவிடும். அந்தச் சொற்களைக் கொண்டு யாரும் ஆள் தேடுவதும் இல்லை. முதலில் வேலை, அடுத்து அந்த வேலையை உறுதிசெய்யும் இரண்டு மூன்று குறிப்பான திறன்கள், கடைசியில் போகும் திசை என்ற வரிசை பயன் தரும். எடுத்துக்காட்டில் உள்ளவரின் வரி இப்படி மாறலாம்:

```
Import Customs Clearance, Port Klang | K1 declarations, HS codes, Form D | Moving into trade compliance
```

இது 103 எழுத்துகள். அனுமதித்த இடத்தில் பாதிகூட இல்லை. முதல் நான்கைந்து சொற்களோடு வெட்டுப்பட்டாலும் அவர் என்ன செய்பவர் என்பது விளங்கிவிடும். கே1 என்ற ஒரே சொல், அவர் இறக்குமதிப் பக்கத்தில் வேலை செய்கிறார் என்பதைத் துறையில் உள்ளவருக்குச் சொல்லிவிடும். ஏற்றுமதிக்கு உரியது கே2. போர்ட் கிள்ளான் என்பது இங்கே அனுபவத்தைக் குறிக்கிறது. அவர் வசிக்கும் இடம் தனிப் பெட்டியில் கோலாலம்பூர் என்று இருக்க வேண்டும். ஆள் தேடுபவர் இடத்தை வைத்து வடிகட்டும்போது கணக்கில் வருவது அந்தப் பெட்டி.

நம்பிக்கை 3: சுருக்கக் குறிப்பு என்பது எஸ்.பி.எம். தொடங்கி இன்றுவரை வந்த பாதையை வரிசையாகச் சொல்வது.

உண்மை: படிப்பும் பழைய வேலைகளும் ஆண்டுவாரியாகக் கீழே தனித்தனிப் பகுதிகளில் இருக்கின்றன. சுருக்கக் குறிப்பில் முதல் இரண்டு மூன்று வரிகள் மட்டும் வெளியே தெரியும். மீதியைப் படிக்க அழுத்தித் திறக்க வேண்டும். பிறந்த ஊரிலும் பள்ளியிலும் தொடங்கினால், திறக்காமலே போகிறவருக்கு இன்றைய வேலை கண்ணில் படாது. எனவே குறிப்பு நிகழ்காலத்தில் தொடங்க வேண்டும். எடுத்துக்காட்டில் உள்ளவர் ஆங்கிலத்தில் எழுதும் முதல் பத்தியின் பொருள் இப்படி அமையலாம்: “போர்ட் கிள்ளான் வழியாக வரும் இயந்திர உதிரிப்பாகங்களுக்கும் உணவுப் பொருள்களுக்கும் ஒன்பது ஆண்டுகளாகச் சுங்க அனுமதி பெற்றுத் தருகிறேன். மாதம் சுமார் 60 கே1 பாரங்கள் என் பொறுப்பில் செல்கின்றன.”

இரண்டாம் பத்தி சான்றுக்கு உரியது. “நான் நுணுக்கமாக வேலை செய்பவன்” என்பது சான்று ஆகாது; செய்த ஒரு காரியம்தான் சான்று. விலைப்பட்டியல், பேக்கிங் லிஸ்ட், கப்பல் சரக்குச் சீட்டு மூன்றிலும் எடையும் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் சுங்கத் துறை விளக்கம் கேட்கும். பதில் தயாராகும் நாள்களில் கண்டெய்னர் துறைமுகத்திலேயே நிற்கும். இலவச நாள்கள் முடிந்ததும் கட்டணம் ஏறத் தொடங்கும். கப்பல் வருமுன்பே இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை அவர் உருவாக்கினார், அதன்பின் மாதம் எட்டு என்றிருந்த விளக்கக் கேள்விகள் மூன்றாகக் குறைந்தன என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டே வாக்கியங்களில் எழுதலாம். பிரச்சினை, செய்த மாற்றம், விளைவு மூன்றும் இருந்தால் போதும். எண் தம் சொந்தப் பதிவிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். நேர்காணலில் எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும். வாடிக்கையாளர் பெயர், சரக்கின் விலை, வரித் தொகை ஆகியவை நிறுவனத்துக்கு உரியவை. அவை பக்கத்தில் இடம்பெறக் கூடாது.

நம்பிக்கை 4: இலக்கை எழுதினால் முதலாளிக்குத் தெரிந்துவிடும், அதனால் இப்போதைய வேலையை மட்டும் எழுதுவதே பாதுகாப்பு.

உண்மை: இலக்கைச் சொல்வது வேறு, வேலை தேடுவதை அறிவிப்பது வேறு. “புதிய வாய்ப்புகளைத் தேடுகிறேன்” என்ற வரி வெளியேறும் எண்ணத்தைச் சொல்கிறது. எந்த வேலைக்கு என்பதைச் சொல்வதில்லை. “சுங்க அனுமதியில் பெற்ற அனுபவத்தை வர்த்தக விதிமுறை இணக்கப் பணிக்குக் கொண்டுசெல்கிறேன், எச்.எஸ். வகைப்பாட்டிலும் பொருளின் பிறப்பிட விதிகளிலும் ஆழமாகப் பயின்றுவருகிறேன்” என்பது ஒரு திசையைச் சொல்கிறது. இன்றைய முதலாளி படித்தாலும் அதில் குறை காண ஒன்றும் இல்லை. மூன்றாம் பத்தி இதுவாக இருக்கலாம். அந்தப் படிப்பு உண்மையில் நடந்துகொண்டிருந்தால் மட்டுமே அதை எழுத வேண்டும்.

வேலை தேடுவதைத் தெரிவிக்க Open to work என்ற தனி அமைப்பு உண்டு. அதில் எல்லாருக்கும் காட்டுவது, ஆள்சேர்ப்பவர்களுக்கு மட்டும் காட்டுவது என இரண்டு வழிகள். முதல் வழியில் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். அது முதலாளியின் கண்ணிலும் படும். இரண்டாவது வழியில் சொந்த நிறுவனத்தின் ஆள்சேர்ப்பவர்களிடமிருந்து மறைக்க லிங்க்ட்இன் முயல்கிறது. ஆனால் முழு மறைவுக்கு உத்தரவாதம் தருவதில்லை.

நம்பிக்கை 5: சற்று உயர்த்தி எழுதினால்தான் கவனிப்பார்கள்.

உண்மை: உரிமங்கள் உள்ள துறையில் உயர்த்தி எழுதுவது உடனே பிடிபடும். “உரிமம் பெற்ற சுங்க முகவர்” என்று தம்மைக் குறிப்பிடுவது எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு எளிது. கேட்பதற்கும் நன்றாக இருக்கும். ஆனால் 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 90ஆவது பிரிவின்கீழ் முகவராக இயங்கும் அனுமதி அவர் வேலை செய்யும் நிறுவனத்திடம் இருக்கிறது. தனி மனிதர் பெறக்கூடியது கே.இ.கே. எனப்படும் சுங்க முகவர் பயிற்சிச் சான்றிதழ். அதில் தேறியிருந்தால் அதையே, தேறிய ஆண்டோடு எழுதலாம். தேறாவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம். துறையில் உள்ள மேலாளருக்கு இந்த வேறுபாடு தெரியும். அவர் அந்த ஒரு வரியில் தவறு கண்டால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

நம்பிக்கை 6: பயோடேட்டாவில் உள்ள விவரமெல்லாம் இங்கேயும் இருக்க வேண்டும்.

உண்மை: மலேசியாவில் வேலை விண்ணப்பத்தில் அடையாள அட்டை எண், இனம், மதம், திருமண நிலை ஆகியவற்றை எழுதும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அதே பத்தி சுருக்கக் குறிப்புக்கும் நகல் எடுக்கப்படுகிறது. விண்ணப்பத்தைப் பார்ப்பவர் சிலர். இந்தப் பக்கத்தை உலகம் முழுவதும் பார்க்கலாம். பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளையும், அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தையும், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதையும் காட்டிவிடும். மோசடிக்காரருக்கு இவை கையில் கொடுத்ததுபோல. குறிப்பின் முடிவில் தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் போதும். மொழித்திறன் இருக்க வேண்டிய விவரம்: தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வேலை செய்ய முடியும் என்பதைச் சுங்க அதிகாரியிடமும் இந்திய ஏற்றுமதியாளரிடமும் பேச வேண்டிய ஒருவர் விட்டுவிடக் கூடாது.

திருத்தம் சரியாக அமைந்ததா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, விரும்பும் பணிக்கான ஐந்தாறு விளம்பரங்களை எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்வது. அவற்றில் தமக்கு உண்மையாகப் பொருந்துபவை முகப்பு வரியிலோ குறிப்பிலோ இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, தேடல்களில் பக்கம் எத்தனை முறை தோன்றியது என்று லிங்க்ட்இன் காட்டும் கணக்கைச் சில வாரங்கள் கவனிப்பது. எண்ணிக்கை ஏறியும் பொருந்தாத வேலைகளுக்கே அழைப்பு வந்தால் முகப்பு வரியின் சொற்கள் தவறான ஆள்களை இழுக்கின்றன. பக்கத்தைப் பலர் பார்த்தும் யாரும் தொடர்பு கொள்ளாவிட்டால், முதலில் திருத்திப் பார்க்க வேண்டியது குறிப்பின் முதல் மூன்று வரிகளையும் சான்றுப் பத்தியையும்.