பிறந்தநாள் வீட்டில் ஓர் அமைதி மூலை

ஆட்டிசம் உள்ள குழந்தை விருந்துக்கு வருகிறதா? ஸ்பீக்கரிலிருந்தும் சமையலறையிலிருந்தும் தள்ளியிருக்கும் அறை ஒன்றை ஒதுக்குங்கள். மினுக்கும் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே வேண்டாம். பாய், தலையணை, குழந்தையின் சொந்தப் போர்வை, காதை மூடும் ஹெட்போன் போதும்.

மற்ற விருந்தினர் வருமுன்பே குழந்தைக்கு அறையைக் காட்டிவிடுங்கள். அழுகை வெடித்தபின் தெரியாத இடத்துக்குத் தூக்கிப்போனால் பயம்தான் கூடும். காதைப் பொத்துவது, மேசைக்கடியில் நுழைவது தெரிந்தாலே அழைத்துப் போகலாம். கேக் வெட்டும்போது கைதட்டலும் பலூன் வெடிப்பும் சேர்ந்து வரும். அதற்குச் சற்று முன்பே போய்விடுவது இன்னும் நல்லது. பழகிய ஒருவர் பேச்சுக்கொடுக்காமல் அருகில் இருக்கட்டும். கதவைப் பூட்டாதீர்கள். “போட்டோவுக்கு மட்டும் வா கண்ணா” என்று தயவுசெய்து யாரும் கூப்பிடாதீர்கள். தானாக வெளியே வரட்டும்.