நன்றியுரை சொல்லப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரை உன் பொறுப்பு என்று தலைமையாசிரியர் தீர்மானித்துவிட்டதாகவும், அதை எவ்விதம் அமைத்துக்கொள்வது என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். புதிதாக வந்து சேர்ந்த உபாத்தியாயருக்கு நன்றியுரையும், அனுபவஸ்தருக்கு வரவேற்புரையும் என்று பங்கிடுவது நம் பள்ளிக்கூடங்களில் நெடுநாளைய வழக்கம். சிரமத்தை எடைபோட்டுப் பார்த்தால் அது தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். வரவேற்பவர் இனி நடக்கப்போவதைப் பற்றிப் பேசுகிறவராகையால், முதல்நாளே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்துவிடலாம். நன்றி சொல்பவரோ நடந்து முடிந்ததைப் பற்றிப் பேச வேண்டியவராகையால், மாலை முழுவதும் மேடையின் ஓரத்தில் கண்ணும் காதும் திறந்தபடி நின்றிருந்தாலொழிய அவரால் உண்மையாக ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியாது.

முதலில், நீ பேசப்போகும் வேளை எப்படிப்பட்டது என்பதை மனத்தில் வாங்கிக்கொள். அழைப்பிதழில் மாலை ஐந்து மணி என்று அச்சிட்டிருந்தாலும், விருந்தினர் வந்து சேர்ந்து, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிக் குத்துவிளக்கு ஏற்றுவதற்குள் ஐந்தே முக்கால் ஆகிவிடும். வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமையுரை, சிறப்புரை, வகுப்புவாரியாகப் பரிசு, விளையாட்டுக்குத் தனியாகப் பரிசு என்று ஒவ்வொன்றாக முடிந்து கலை நிகழ்ச்சி துவங்கும்போதே ஏழரை மணி. தன் குழந்தையின் ஆட்டம் முடிந்ததும் அதற்கு முகச்சாயம் கழுவி அழைத்துப் போகும் தாய்மாரும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனபின், முன்வரிசையில் பாதி நாற்காலிகள் காலியாகி, தரையில் விரித்த ஜமுக்காளத்தில் சின்னஞ்சிறுவர் சிலர் உறங்கிவிட்டபின் உன் பெயரை அழைப்பார்கள். அந்த வேளையில் உனக்கு உரியது மூன்று நிமிஷம். நிதானமாகவும் தெளிவாகவும் பேசினால் அதில் ஏறக்குறைய 300 சொற்கள் அடங்கும். அஞ்சலட்டை அளவுள்ள ஓர் அட்டையின் இரு பக்கத்திலும் எழுதக்கூடியதுதான் அது. அதற்கு மேல் எழுதி வைத்திருந்தால் அவசரப்பட்டுப் படிப்பாய், அவசரத்தில் பெயர்கள் சிதையும்.

இதனால்தான் விழாவுக்கு முன்பாகவே தலைமையாசிரியரிடம் ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்: விருந்தினர்கள் கலை நிகழ்ச்சி முடியும்வரை இருப்பார்களா, அல்லது பரிசளிப்போடு விடைபெறுகிறார்களா என்பதை. வட்டாரக் கல்வி அலுவலருக்கு அதே மாலையில் வேறொரு பள்ளியிலும் விழா இருக்கக்கூடும். அவர் எழுந்து போய் ஒன்றரை மணி நேரம் சென்றபின், காலி நாற்காலியைப் பார்த்து அவருக்கு நன்றி சொல்வது யாருக்கும் கௌரவமாகாது. அப்படி அவர் போவதாக இருந்தால், விருந்தினருக்கு உரிய பகுதியை மட்டும் பரிசளிப்பு முடிந்தவுடன் அவர் மேடையில் இருக்கும்போதே சொல்லிவிட்டு, பள்ளிக்குள்ளே உழைத்தவர்களுக்கும் பெற்றோருக்கும் உரிய பகுதியை இறுதிக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேள். சில பள்ளிகளில் நன்றியுரை முழுவதையுமே கலை நிகழ்ச்சிக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள்; அது எனக்கு உவப்பானதன்று, ஏனெனில் ஆட்டத்துக்கும் நாடகத்துக்கும் உழைத்தவர்களின் உழைப்பைச் சபையோர் இன்னும் கண்ணால் பார்த்திராத வேளை அது.

பெயர்களைப் பற்றி ஜாக்கிரதையாக இரு. அழைப்பிதழின் பிரதி ஒன்றையும் பென்சிலையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வந்தவர்களின் பெயருக்கு நேரே குறியிட்டு, வராதவர்களின் பெயரை அடித்துவிடு. அச்சில் இல்லாமல் வந்து மேடையேறியவர்களின் பெயரை ஓரத்தில் எழுதிக்கொள். ஊராட்சித் தலைவர் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியிருப்பார். அதைக் கவனியாமல் அச்சில் உள்ளபடியே படித்துவிட்டால், வந்தவர் மனம் வருந்துவதோடு, நீ சபையைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துப் பேசுகிறாய் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தலைப்பெழுத்து, பட்டம், பதவி ஆகியவற்றை உரியவரிடமோ, அவரோடு வந்தவரிடமோ மெல்லக் கேட்டு உறுதிசெய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விருந்தினருக்கு நன்றி சொல்லும்போது, பொன்னான நேரத்தை ஒதுக்கி வந்து விழாவைச் சிறப்பித்தார்கள் என்ற பழகிய வாக்கியம் தானாக நாவில் வந்து நிற்கும். அது எந்த விருந்தினருக்கும் எந்த ஊரிலும் பொருந்தும். பொருந்துவதனாலேயே அவர் காதில் விழுவதில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கையில் அவருடைய பேச்சிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்து அட்டையில் குறித்துக்கொள். நூலக அலமாரியின் சாவி உணவு இடைவேளையில் மாணவர் கையில் இருக்க வேண்டும் என்று கல்வி அலுவலர் அம்மையார் தம் சிறப்புரையில் சொல்லியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். நீ சொல்ல வேண்டியது இவ்வளவே: “பரிசு வாங்க வந்த ஒவ்வொரு குழந்தையிடமும் பெயரைக் கேட்டுக் கையில் கொடுத்தீர்கள், நூலகத்துச் சாவி குழந்தைகள் கையில் இருக்கட்டும் என்றீர்கள். இரண்டையும் நினைவில் வைத்திருப்போம். எங்கள் நன்றி, அம்மா.” அவர் செய்தது ஒன்று, சொன்னது ஒன்று, இரண்டும் சபையோர் கண்ணெதிரே நடந்தவை. அவருடைய உரை முழுவதையும் சுருக்கித் திரும்பச் சொல்லப் புகாதே; அவர் அரைமணி பேசியதை நீ ஐந்து நிமிஷம் பேசினால் அது இரண்டாவது சிறப்புரை ஆகிவிடும். நாளையே சாவியைக் கொடுத்துவிடுகிறோம் என்று தலைமையாசிரியர் சார்பில் வாக்குறுதியும் கொடுத்துவிடாதே. அதைவிட முக்கியமாக, சுற்றுச்சுவர் வேண்டும், கழிப்பறைக்குக் குழாய் வேண்டும் என்ற விண்ணப்பங்களை நன்றியோடு சேர்த்துக் கட்டாதே. அவற்றுக்கு ஆண்டறிக்கையில் இடமுண்டு. நன்றியின் கடைசியில் ஒரு கோரிக்கை வந்தால், முன்னே சொன்ன நன்றி முழுவதும் அந்தக் கோரிக்கைக்காகச் சொன்னதாகவே விருந்தினருக்குத் தோன்றும்.

இனி, உடன் பணியாற்றுகிறவர்கள். இந்த இடத்தில்தான் நன்றியுரைகள் பெரும்பாலும் வழுக்கி விழுகின்றன. பதினான்கு ஆசிரியர்களின் பெயரையும் வாசித்தால் ஒரு நிமிஷம் கரைந்துபோகும், சபையில் யாரும் கேட்கமாட்டார்கள். நான்கு பேரை மட்டும் சொன்னால், மற்றப் பத்துப் பேரின் முகத்தை மறுநாள் ஆசிரியர் அறையில் நீ பார்க்க வேண்டியிருக்கும். ஆகையால் ஆசிரியர்களைப் பெயரால் அல்லாமல் காரியத்தால் குறிப்பிடு. மூன்று வாரமாகப் பள்ளி விட்டபின் பொழுது சாயும்வரை நின்று கும்மியும் கோலாட்டமும் பழக்கியவர்கள், விடுமுறை நாளில் வந்து பரிசுகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டியவர்கள், பாட்டு பாதியில் நின்றுபோனபோது மேடைக்குப் பின்னாலிருந்து தாமே குரலெடுத்துப் பாடி ஆட்டம் கலையாமல் காத்தவர் என்று சொன்னால், செய்தவர்களுக்குத் தங்களைத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். இவற்றில் கடைசியானது போன்ற ஒன்று அன்று மாலையே நடப்பது. அதற்காகத்தான் அட்டையில் இரண்டு வரி வெற்றிடம் விட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பெயரைச் சொல்ல வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். விடியற்காலையில் வந்து மைதானத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்த தூய்மைப் பணியாளர், குழந்தைகளுக்கு மாலையில் சுண்டல் வேகவைத்துக் கொடுத்த சத்துணவுக் கூடத்துச் சமையலர், முதல்நாள் இரவு பந்தலுக்குக் காவல் படுத்திருந்தவர் ஆகியோரின் பெயர்கள் அழைப்பிதழில் இரா, ஆண்டறிக்கையில் இரா, ஒலிபெருக்கியில் ஒருபோதும் ஒலித்திரா. பள்ளி முழுவதும் அந்த அம்மாளை ‘ஆயா’ என்றும் அந்த மனிதரை ‘வாட்ச்மேன்’ என்றும்தான் அழைக்கிறது. அவர்களுடைய முழுப்பெயர் உனக்கே தெரியாதிருக்கலாம். விழாவுக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள். கல்வி அலுவலருக்குச் சேர்க்கும் அதே ‘அவர்கள்’ என்ற மரியாதையோடு அவர்கள் பெயரையும் சொல்லி, பெயரோடு அவர்கள் செய்த காரியத்தையும் சொல். அவர்களுடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அந்தப் பள்ளியிலேயே படித்துக்கொண்டிருந்தால், அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் வருவதை அந்தக் குழந்தைகளும் கேட்பார்கள். மூன்று நிமிஷத்தில் ஏறக்குறைய ஒரு நிமிஷத்தை இவர்களுக்கு ஒதுக்கு என்று சொன்னால் அது மிகையென்று சிலர் நினைப்பார்கள்; நான் மனமாரச் சொல்கிறேன்.

பரிசுப் பாத்திரங்கள் வாங்கித் தந்த கடைக்காரர், பந்தல் போட்டுக் கூலி குறைத்துக்கொண்டவர் முதலிய உபகாரிகளின் பெயர்களை ஒரே மூச்சில், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடு. தொகையைச் சொல்லாதே, சொன்னால் கூடக் கொடுத்தவர் யார், குறைத்துக் கொடுத்தவர் யார் என்று கணக்குப் பார்க்கத் துவங்கிவிடுவார்கள்.

பெற்றோருக்குச் சொல்வது சுருக்கமாக இருக்கட்டும், ஆனால் ‘பெற்றோர்களுக்கும்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட வேண்டாம். அவர்களில் பலர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். சரிகைப் பாவாடைக்கு வாடகை கொடுத்திருப்பார்கள், அல்லது பழைய சேலையை வெட்டி இரவில் தைத்திருப்பார்கள். இதை ஒரு வாக்கியத்தில் சொல். மேடையேறாத குழந்தைகளின் பெற்றோரும் வந்திருந்து, பிறர் பிள்ளைகளுக்குக் கைதட்டினார்களே, அவர்களைத் தனியாக ஒரு வாக்கியத்தில் சொல். அவர்களை யாரும் நினைப்பதில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. உடை வாங்க இயலாத பிள்ளைக்கு ஆசிரியர் ஒருவரோ ஊர்ப் பெரியவரோ உதவியிருந்தால், அந்த உதவியை எத்தனை நல்லெண்ணத்தோடும் மேடையில் வெளிப்படுத்திவிடாதே. உதவியவருக்குச் சொல்லும் நன்றி, அந்தக் குழந்தைக்குத் தலைகுனிவாக முடியும். அதைத் தனியே, நேரில் சொல்லிக்கொள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் யாரேனும் ஒருவர் பெயர் விட்டுப்போகும். அட்டையைத் தலைமையாசிரியரைக் கொண்டு கடைசி நேரத்தில் ஒருமுறை பார்க்கச் செய்தால் பாதி ஆபத்து நீங்கும். பேசி முடித்தபின் ஞாபகம் வந்தால், மறுபடி மைக்கைப் பிடிக்காதே; அப்போது அந்தப் பெயர் விட்டுப்போனது என்பதே எல்லோருக்கும் விளம்பரமாகும். மறுநாள் காலை அவர் இருக்குமிடம் தேடிப் போய்ச் சொல்லிவிடு.

நன்றியுரைக்குப் பின் நாட்டுப்பண் ஒன்றுதான் மிச்சம். அதை முழுமையாகப் பாட ஏறக்குறைய 52 விநாடி ஆகும். அதைப் பாடவேண்டிய பிள்ளைகள் பெரும்பாலும் கடைசி ஆட்டத்தில் ஆடியவர்களாகவே இருந்து, நீ பேசி முடிக்கும்போது சலங்கை கழற்றிக்கொண்டு ஏதாவதொரு வகுப்பறையில் இருப்பார்கள். நீ மேடையேறுமுன் அவர்களை மேடையின் படிக்கட்டருகே கொண்டுவந்து நிறுத்தும்படி ஒருவரிடம் சொல்லிவை. கடைசிப் பெயரைச் சொன்னதும், விடைபெறுகிறேன், வாய்ப்புக்கு நன்றி என்று நீட்டாமல், சபையோரை எழுந்து நிற்கச் சொல்லி, மைக்கைப் பிள்ளைகளின் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்.

அட்டையை எழுதியதும் பிரதியொன்றை எனக்கு அனுப்பு. விழாவுக்கு நான்கு நாள் முன்னதாகக் கிடைத்தால், பார்த்துக் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்