மை வைத்த விரலுக்கு நான்கு வரி

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் தேர்தல்தோறும் இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலராக அமர்ந்து, மைப் புட்டி சாய்ந்துவிடாமல் மணல் நிரப்பிய கிண்ணத்தில் அதை நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துணியால் துடைத்து, இடது கை ஆள்காட்டி விரலில் நக நுனியிலிருந்து முதல் கணுவின் அடிவரை கோடிழுத்துப் பழகியவன் நான். அதனால்தான், 2024 ஏப்ரல் 19-ஆம் தேதி முதன்முறை வாக்களித்துவிட்டு வந்த என் தம்பி மகள் கைபேசியை நீட்டி, "பெரியப்பா, இந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதலாம்?" என்று கேட்டபோது, அதைச் சிறு விஷயமாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அவள் முதலில் எழுதி வைத்திருந்தது, "மாற்றத்துக்காக என் முதல் ஓட்டு" என்பது. எந்தக் கட்சியின் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் மாற்றம் என்று ஒருவர் சொன்னமாத்திரத்தில், இப்போது இருப்பவர் வேண்டாம் என்கிற அபிப்பிராயம் அதனுள் வந்து அமர்ந்துவிடுகிறது. தொடரட்டும் என்று எழுதினாலோ அதற்கு நேர் எதிரான அபிப்பிராயம் வந்துவிடுகிறது. விடியல், எழுச்சி, வளர்ச்சி என்று தேர்தல் காலத்தில் சுவர்தோறும் எழுதப்படும் சொற்கள் யாவும் அப்படித்தான். யாரேனும் ஒருவர் அவற்றை ஏற்கெனவே தமக்கென்று எடுத்துக்கொண்டிருப்பார். யாருக்கு வாக்களித்தோம் என்பதை அந்த மை சொல்வதில்லை. இந்தப் பிரஜை வாக்களித்தார் என்பதை மட்டுமே சொல்கிறது. படத்தின் கீழே எழுதும் வாசகமும் மை சொல்லும் எல்லையோடு நின்றுவிடுவதே உசிதம் என்று அவளிடம் சொன்னேன்.

வாசகத்தைப் போலவே படமும் பேசும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம் நாட்டில் இரண்டு விரலை விரித்துக் காட்டினால் ஒரு சின்னம் நினைவுக்கு வரும். உள்ளங்கையை விரித்தால் இன்னொன்று. ஆகவே மற்ற விரல்களை மடக்கி, ஆள்காட்டி விரலை மட்டும், நகம் தெரியும்படி நிறுத்துவது நல்லது. பின்னணியில் கொடியோ, சுவரொட்டியோ, வேட்பாளர் பெயர் அச்சிட்ட பையோ விழவேண்டாம். கைபேசியின் முன்பக்கக் காமிராவில் எடுத்தால் சில கருவிகள் இடவலம் மாற்றிக் காட்டும். மை வலது கையில் இருப்பதுபோல் தோன்றும். அவசரமும் வேண்டியதில்லை. மையில் உள்ள சில்வர் நைட்ரேட் வெளிச்சம் பட்டுத்தான் கறுக்கும்; வைத்தவுடன் ஊதாவாக இருப்பது, வெயிலில் வீடு வந்து சேர்வதற்குள் நன்றாகக் கறுத்துப் படத்தில் தெளிவாக விழும். சாவடிக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை என்பதால், படத்துக்குரிய இடமும் வீடுதான்.

அடுத்து அவள் எழுதியது, "ஓட்டுப் போடாதவர்களுக்குக் கேள்வி கேட்க உரிமையில்லை." இதில் பாரபட்சம் இல்லை என்றாலும், அவளும் இல்லை, பிறருக்குச் செய்யும் உபதேசம்தான் இருக்கிறது. பெருமிதம் தன்னுடையதாக இருக்கவேண்டுமானால், தான் கண்ட ஒன்றைத்தான் சொல்லவேண்டும். "உள்ளே போனதும் என்னம்மா பார்த்தாய்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அப்பத்தா கூடத்தான் போனேன். பெரிய நோட்டு ஒன்று இருந்தது. அப்பத்தா அதில் ரேகை வைத்தது. அதே பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்" என்றாள். அப்பத்தா என்று அவள் சொல்வது என் தாயாரை.

அந்தப் பெரிய நோட்டு, வாக்காளர் பதிவேடு. எழுதத் தெரிந்தவர் கையெழுத்திடவும் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கவும் அதில் ஒரே கட்டம்தான். எத்தனையோ பக்கங்களை நிரப்பியும், ஒரு குடும்பத்தின் சரித்திரம் அந்த ஒரு கட்டத்தில் மேலும் கீழுமாகப் பதியக்கூடும் என்பதை நான் கண்டுகொண்டது அந்தக் குழந்தையின் வாயிலாகத்தான். "இதையே எழுது, அலங்காரம் எதுவும் வேண்டாம்" என்றேன். அவள் எழுதியது இது:

"என் முதல் வாக்கு.
அப்பத்தா ரேகை வைத்த அதே பக்கத்தில்
என் கையெழுத்து.
இருவர் விரலிலும் ஒரே மை."

இதில் நீக்கவோ சேர்க்கவோ எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எந்தக் கட்சிக்காரர் படித்தாலும் மகிழ்வார். அவளைத் தவிர வேறு யாரும் இதை எழுதியிருக்கவும் முடியாது.

முதன்முறை வாக்களிக்கப் போகும் பிள்ளைகளே, உடன் வந்தவர் யார், வரிசையில் என்ன கேட்டீர்கள், எந்தப் பள்ளி அறையில் நின்றீர்கள் என்பதில் ஒன்றை எடுத்து அதை மட்டும் எழுதுங்கள். வாக்காளர் அட்டையையும் பெயரும் எண்ணும் உள்ள சீட்டையும் படத்தில் சேர்க்காதீர்கள். விரல் ஒன்றே போதும்.